சிங்கப்பூரில் மணிச்சம்பளம், ஓவர்டைம், ஷிப்ட் அலவன்ஸ்: தொழிற்சாலை, மருத்துவமனை ஊழியர்களின் கேள்விகள்

இங்கே உள்ள பதில்கள் சிங்கப்பூர் வேலை நியமனச் சட்டத்தை, அதிலும் வேலை நேரத்தையும் ஓவர்டைமையும் பற்றிப் பேசும் 4-ஆம் பகுதியை ஒட்டியவை. தொகைகள் சிங்கப்பூர் வெள்ளியில்.

எனக்கு ஓவர்டைம் உண்டா இல்லையா? ஒர்க் பர்மிட்டுக்கு மட்டும்தான், எஸ் பாஸுக்குக் கிடையாது என்கிறார்கள்.

பாஸ் எந்த நிறம் என்பதற்கும் ஓவர்டைமுக்கும் தொடர்பில்லை. சட்டம் பார்ப்பது இரண்டைத்தான்: நீங்கள் செய்யும் வேலை எத்தகையது, உங்கள் பேசிக் எவ்வளவு.

உடல் உழைப்பே பிரதானமான வேலை என்றால் (இயந்திர இயக்குநர், அசெம்பிளி வேலை, துப்புரவு, லாரி ஓட்டுதல், மருத்துவமனையில் நோயாளியைத் தள்ளிச் செல்லும் போர்ட்டர் வேலை போன்றவை) மாத பேசிக் 4,500 வெள்ளி வரை 4-ஆம் பகுதி உங்களுக்குப் பொருந்தும். மேசை வேலை, கவுன்ட்டர் வேலை, வார்டு கிளார்க் போன்றவற்றுக்கு அந்த வரம்பு 2,600 வெள்ளி. இந்த இரண்டு வரம்புகளும் 2019 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. மேலாளர், நிர்வாகி நிலையில் இருப்பவர்களுக்கு எவ்வளவு குறைந்த சம்பளமானாலும் இந்தப் பகுதி பொருந்தாது. ஆனால் பெயருக்கு ‘எக்சிகியூட்டிவ்’ என்று கடிதத்தில் போட்டுவிட்டு மெஷினில் நிற்க வைத்தால், பார்க்கப்படுவது உண்மையில் செய்யும் வேலைதான்.

வரம்பைப் பேசிக்கோடுதான் ஒப்பிட வேண்டும். கைக்கு வரும் மொத்தத் தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்து, ‘எனக்கு 2,900 வருகிறது, அதனால் ஓவர்டைம் கிடையாது போல’ என்று விட்டுவிடும் வார்டு கிளார்க்குகள் இருக்கிறார்கள். அந்த 2,900-இல் பேசிக் 2,450, மீதி அலவன்ஸ் என்றால் அவர் வரம்புக்குள்தான் இருக்கிறார்.

ஒரு மணி நேரச் சம்பளத்தை எப்படிக் கணக்கிடுவது? கம்பெனியில் 26 நாளால் வகுக்கிறார்கள்.

மாதச் சம்பளக்காரருக்குச் சட்டம் சொல்லும் கணக்கு ஒன்றுதான்:

```
மணிச்சம்பளம் = (12 × மாத பேசிக்) ÷ (52 × 44)
ஓவர்டைம் 1 மணி = மணிச்சம்பளம் × 1.5
```

ஆண்டுச் சம்பளத்தை 52 வாரத்தாலும், வாரத்துக்கு 44 மணியாலும் வகுக்கிறோம். கீழே 52 × 44 = 2,288. பேசிக் 1,144 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக வரும் என்பதால் இந்தத் தொகையையே இந்தப் பக்கம் முழுக்க எடுத்துக்கொள்கிறோம். 12 × 1,144 = 13,728. அதை 2,288-ஆல் வகுத்தால் சரியாக 6 வெள்ளி. ஓவர்டைம் மணிக்கு 9 வெள்ளி.

26 நாள், 8 மணி என்று வகுத்தால் 1,144 ÷ 208 = 5.50. ஓவர்டைம் 8.25 ஆகிவிடும். மாதம் 30 மணி ஓவர்டைம் செய்பவருக்கு 22.50 வெள்ளி குறையும். இதைவிட மோசம் 30 நாள், 8 மணி என்று 240-ஆல் வகுப்பது: மணிக்கு 4.77, ஓவர்டைம் 7.15, முப்பது மணிக்கு 55.50 வெள்ளி நட்டம். 26 நாள் கணக்கில் தவறு என்ன என்றால், அது வாரத்துக்கு 48 மணி நேரத்தைச் சாதாரண வேலையாக எடுத்துக்கொள்கிறது. சட்டம் 44-க்கு மேல் எடுக்கவில்லை.

நாட்சம்பளக்காரர் என்றால் ஒரு நாள் பேசிக்கை அன்றைய வழக்கமான வேலை மணியால் வகுக்கவேண்டும். பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்கு அந்த வாரம் ஈட்டிய தொகையை அந்த வாரம் உழைத்த மணி நேரத்தால் வகுப்பார்கள்.

ஷிப்ட் அலவன்ஸும் சேர்த்துத்தானே ஒன்றரை மடங்கு?

இல்லை. ஓவர்டைம் பேசிக்கின் மேல் மட்டும்தான். ஷிப்ட் அலவன்ஸ், சாப்பாட்டுப் படி, தங்குமிடப் படி, போனஸ், உற்பத்தி ஊக்கத்தொகை எதுவும் பேசிக்கில் சேராது.

இன்னொன்றும் பலருக்கு வியப்பாக இருக்கும்: இரவு வேலைக்கு இத்தனை வெள்ளி கொடு என்று சட்டத்தில் எங்கும் இல்லை. நைட் ஷிப்டுக்கு 10 வெள்ளியா, 25 வெள்ளியா, ஒன்றுமே இல்லையா என்பது முழுக்க உங்கள் நியமனக் கடிதத்தையோ, சங்கம் இருக்கும் இடங்களில் கூட்டு ஒப்பந்தத்தையோ பொறுத்தது. எழுத்தில் இருந்தால் கம்பெனி கொடுத்தே ஆகவேண்டும். வாய்ச்சொல்லாக இருந்தால், முந்தைய பே ஸ்லிப்களில் மாதாமாதம் வந்திருப்பதைக் காட்டித்தான் வாதாட முடியும்.

ஆகவே வேலைக்குச் சேரும்போது அலவன்ஸ் தொகையை மட்டும் பார்த்து மகிழ வேண்டாம். பேசிக் 900, நிலையான அலவன்ஸ் 300 என்று பிரித்துக் கொடுக்கும் இடத்தையும், பேசிக் 1,144 மட்டும் கொடுக்கும் இடத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முதலாவதில் மாதச் சம்பளம் 56 வெள்ளி கூடுதல். ஆனால் அங்கே ஓவர்டைம் மணிக்கு 7.08 தான், இங்கே 9. மாதம் 30 மணி ஓவர்டைம் இருந்தால் இரண்டும் ஏறக்குறைய சமம். அதற்கு மேல் போகப் போக இரண்டாவது இடமே லாபம்.

எம்சி எடுத்த நாளுக்கும் இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுப்பில் பயணம், சாப்பாடு, தங்குமிடப் படிகளும் ஷிப்ட் அலவன்ஸும் வராது, மற்ற அலவன்ஸ்கள் கணக்கில் வரும். நைட் ஷிப்ட் வாரத்தில் இரண்டு நாள் எம்சி போட்டவருக்கு அந்த இரண்டு இரவின் அலவன்ஸ் வரவில்லை என்றால் அது தவறல்ல.

எத்தனை மணிக்குப் பிறகு ஓவர்டைம் ஆரம்பிக்கும்? சாப்பாட்டு நேரத்தைக் கழிக்கலாமா?

பொதுவாக ஒரு நாளில் 8 மணி, அல்லது வாரத்தில் 44 மணி. இவற்றில் எதைத் தாண்டினாலும் ஓவர்டைம். வாரத்துக்கு 5 நாள் அல்லது அதற்கும் குறைவாக வேலை என்றால் நாளுக்கு 9 மணி வரை ஒப்பந்தத்தில் வைத்துக்கொள்ளலாம், வார வரம்பு 44-தான்.

சாப்பாட்டு நேரம், டீ நேரம் இரண்டையும் கழிக்கலாம். ஆனால் அது உண்மையான இடைவேளையாக இருக்கவேண்டும். அந்த நேரத்தில் நீங்கள் முதலாளியின் கட்டளைக்குக் காத்திருக்காமல், உங்கள் விருப்பப்படி இருக்க முடிய வேண்டும். மெஷின் பக்கத்திலேயே நின்று ரொட்டி சாப்பிட்டுக்கொண்டு அலாரம் அடித்தால் ஓட வேண்டும் என்றால் அது வேலை நேரம்தான். தொடர்ந்து 6 மணிக்கு மேல் இடைவேளையின்றி வேலை வாங்கக் கூடாது. நிறுத்த முடியாத வேலையாக இருந்தால் 8 மணி வரை போகலாம், ஆனால் நடுவே சாப்பிடக் குறைந்தது 45 நிமிடம் விட வேண்டும்.

அதிகமாகத் தொலைவது இடைவேளையில் அல்ல, ஷிப்டின் இரு நுனிகளில். காலை 8 மணி ஷிப்டுக்கு 7.45-க்கு லைனில் நின்று பிரீஃபிங் கேட்கச் சொல்கிறார்கள், ஆனால் கணக்கு 8-இலிருந்துதான். வரச் சொன்னது கம்பெனி என்றால் அந்த 15 நிமிடமும் வேலை நேரம். மாதம் 26 நாளுக்கு ஆறரை மணி, நம் கணக்கில் 58.50 வெள்ளி. மருத்துவமனை வார்டில் இதே கதை ஷிப்ட் முடியும் நேரத்தில் நடக்கும்: அடுத்த ஷிப்டுக்கு ரிப்போர்ட் சொல்லி முடிக்க அரை மணி ஆகிறது, ரோஸ்டரில் அது இல்லை.

ஆனால் ஓவர்டைம் என்பது முதலாளி கேட்டுச் செய்த வேலை. பஸ் சீக்கிரம் வந்ததால் அரை மணி முன்பே பஞ்ச் செய்துவிட்டு கேன்டீனில் உட்கார்ந்திருந்தால் அதற்குக் காசு கேட்க முடியாது. பஞ்ச் கார்டில் உள்ள நேரத்தை அப்படியே கூட்டி வழக்குக்குப் போகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

எங்களுக்கு 12 மணி ஷிப்ட். 8 மணிக்கு மேல் உள்ளதற்கு ஓடி, அதாவது ஓவர்டைம், இல்லை, ‘ஆவரேஜ்’ என்கிறார்கள். சரியா?

சரியாக இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். மூன்று விஷயம் பார்க்கவேண்டும்.

ஷிப்ட் ஊழியரை நாளுக்கு 12 மணி வரை வழக்கமான நேரமாக வேலை வாங்கச் சட்டம் அனுமதிக்கிறது. நிபந்தனை: தொடர்ந்து 3 வாரத்தின் சராசரி வாரத்துக்கு 44 மணியைத் தாண்டக் கூடாது. அதாவது மூன்று வாரத்துக்கு 132 மணி. அதற்கு மேல் போனது ஓவர்டைம். இந்த ஏற்பாட்டை உங்களுக்கு விளக்கிச் சொல்லி, நீங்கள் எழுத்து மூலம் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஒப்புதல் இல்லையென்றால் ‘ஆவரேஜ்’ என்ற பேச்சே எடுபடாது.

உதாரணமாக காலை 7 முதல் இரவு 7 வரை, நடுவே ஒரு மணி இடைவேளை, உண்மையான வேலை 11 மணி. நான்கு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு என்ற சுற்று என்றால் 21 நாளில் சராசரியாக 14 ஷிப்ட் வரும். 14 × 11 = 154. அதில் 132-ஐக் கழித்தால் 22 மணி ஓவர்டைம், நம் கணக்கில் 198 வெள்ளி. ‘12 மணி ஷிப்டுக்கு ஓடியே கிடையாது’ என்று சொல்லி இந்த 22 மணியை விழுங்கும் இடங்கள் உண்டு.

அதே 11 மணி ஷிப்ட், ஆனால் சிப் தொழிற்சாலைகளில் வழக்கமான 2-2-3 சுற்று (14 நாளில் 7 ஷிப்ட்) என்றால் 21 நாளில் 9 முதல் 12 ஷிப்ட் வரைதான் வரும். அதிகபட்சம் 132 மணி. வரம்பைத் தாண்டவில்லை, ஓவர்டைம் இல்லை. இரண்டு நண்பர்கள், இருவருக்கும் ‘12 மணி ஷிப்ட்’, ஒருவருக்கு ஓடி வருகிறது, மற்றவருக்கு வரவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இந்தச் சுற்றுதான்.

எழுத்து ஒப்புதலே இல்லாமல் நான்கு-இரண்டு சுற்றில் வேலை வாங்கியிருந்தால், 8 மணி நாள் என்ற அடிப்படையில் ஷிப்டுக்கு 3 மணி வீதம் 14 ஷிப்டுக்கு 42 மணி வரை கேட்க இடமிருக்கிறது. சேர்ந்த அன்று கையெழுத்து போட்ட காகிதக் கட்டில் அந்த ஒப்புதல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பலருக்கு இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு ஒன்றரை மடங்கு கொடுத்தார்கள். சரிதானே?

பெரும்பாலும் குறைவாகக் கொடுத்திருக்கிறார்கள். ஓய்வு நாள் வேலைக்கு மணிக்கணக்கு இல்லை, நாள் கணக்கு. முதலாளி கேட்டு நீங்கள் வந்திருந்தால், வழக்கமான நாளின் பாதி நேரம் வரை (8 மணி நாளில் 4 மணி வரை) ஒரு நாள் சம்பளம். பாதியைத் தாண்டினால் இரண்டு நாள் சம்பளம், ஐந்து மணி வேலை செய்தாலும் எட்டு மணி செய்தாலும் அதே. எட்டையும் தாண்டினால் இரண்டு நாளோடு, தாண்டிய மணிக்கு ஒன்றரை மடங்கு.

ஒரு நாள் பேசிக் என்பது 12 × மாத பேசிக் ÷ (52 × வாரத்து வேலை நாள்). ஆறு நாள் வாரத்தில் 13,728 ÷ 312 = 44 வெள்ளி. ஞாயிறு 8 மணி வேலைக்கு 88 வரவேண்டும். ஒன்றரை மடங்குக் கணக்கில் 8 × 9 = 72 தான் வரும். 16 வெள்ளி போகிறது. இது மாதச் சம்பளத்துக்கு மேலே தனியாக வரவேண்டிய தொகை.

நீங்களாகக் கேட்டு வந்தால் எல்லாம் பாதியாகும்: பாதி நேரம் வரை அரை நாள் சம்பளம், அதற்கு மேல் ஒரு நாள் சம்பளம். சில இடங்களில் ஞாயிறு வேலைக்கு ஒரு படிவம் நீட்டுவார்கள், அதில் ‘என் சொந்த வேண்டுகோளின் பேரில்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியின் விலை நாளொன்றுக்கு 44 வெள்ளி. கம்பெனிதான் வரச் சொன்னது என்றால், வரச் சொன்ன வாட்ஸ்அப் செய்தியை அழிக்காமல் வையுங்கள்.

ஓய்வு நாள் ஞாயிறாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. ஷிப்ட் ஊழியருக்கு அது தொடர்ச்சியான 30 மணி நேரம். ஞாயிறு காலை 8 மணிக்கு நைட் முடித்த செவிலி உதவியாளரை திங்கள் காலை 7 மணிக்கு வரச் சொன்னால் நடுவே 23 மணிதான் இருக்கிறது. ரோஸ்டரில் ஞாயிறுக்கு ‘ஆஃப்’ என்று எழுதியிருந்தாலும் அது ஓய்வு நாள் ஆகாது. திங்கள் பிற்பகல் 2 மணிக்கு மேல் வரச் சொன்னால் ஆகும்.

பொது விடுமுறையில் வேலை செய்தால்?

ஆண்டுக்கு 11 பொது விடுமுறைகள் சம்பளத்தோடு. அன்று வேலை செய்தால் கூடுதலாக ஒரு நாள் பேசிக், வழக்கமான நேரத்தைத் தாண்டினால் ஓவர்டைம். மாதச் சம்பளக்காரருக்கு விடுமுறை நாள் சம்பளம் மாதத் தொகையிலேயே இருக்கிறது, எனவே மேலே வருவது ஒரு நாள்தான், இரண்டல்ல. இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் வேறொரு நாளை விடுமுறையாக மாற்றிக்கொள்ளலாம்.

வார்டு ரோஸ்டரில் அடிக்கடி தவறுவது: உங்கள் ஓய்வு நாளிலேயே தீபாவளி வந்துவிட்டால், அதற்கு அடுத்த வேலை நாள் உங்களுக்குச் சம்பளத்தோடு விடுமுறை. அன்று வேலை செய்தால் கூடுதல் நாள் சம்பளம். ‘உனக்கு அன்று ஆஃப்தானே, முடிந்தது’ என்பது சரியல்ல.

நான் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். பேசிக் 2,600-க்கு மேல். எனக்கு இதெல்லாம் பொருந்துமா?

ஒன்றரை மடங்கு, 44 மணி, ஓய்வு நாளுக்கு இரட்டைச் சம்பளம் ஆகியவை சட்டத்தின்படி உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் ஓவர்டைம், நைட் அலவன்ஸ் எல்லாம் நியமனக் கடிதம், ஊழியர் கையேடு, சங்கத்தின் கூட்டு ஒப்பந்தம் ஆகியவற்றில் உள்ளபடிதான். அவற்றில் எந்த விகிதம் எழுதியிருக்கிறதோ அதைக் கேட்டுப் பெறும் உரிமை முழுதாக இருக்கிறது. பொது விடுமுறை, மருத்துவ விடுப்பு, சம்பளம் உரிய நாளில் வருவது ஆகியவை உங்களுக்கும் உண்டு. பொது விடுமுறை வேலைக்கு மட்டும், பணத்துக்குப் பதிலாக நேர விடுப்பு தர உங்கள் முதலாளிக்கு அனுமதி இருக்கிறது.

அரசு மருத்துவமனை என்று மக்கள் சொல்பவை இங்கே நிறுவனங்களாகப் பதிவானவை. அங்குள்ளவர்கள் அரசு ஊழியர்கள் அல்ல என்பதால் வேலை நியமனச் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும்.

வரம்புக்கு அருகில் இருப்பவர்கள் சம்பள உயர்வின்போது கவனிக்க வேண்டும். வார்டு கிளார்க் ஒருவரின் பேசிக் 2,500, மாதம் 20 மணி ஓவர்டைம். மணிச்சம்பளம் 13.11, ஓவர்டைம் 19.67, மாதம் ஏறக்குறைய 393 வெள்ளி. பேசிக்கை 2,650 ஆக உயர்த்துகிறார்கள். 150 கூடுகிறது, ஆனால் வரம்பைத் தாண்டியதால் சட்டப்படியான ஓவர்டைம் நின்றுவிடுகிறது. புதிய கடிதத்தில் ஓவர்டைம் பற்றிய வரி இல்லையென்றால் அதே நேரத்துக்கு அவர் 243 வெள்ளி குறைவாக வாங்குவார். கையெழுத்துக்கு முன் அந்த வரியைக் கேட்டு எழுதி வாங்கவேண்டும். கையெழுத்துக்குப் பின் கேட்டால் மனிதவளப் பிரிவு சிரிக்கும்.

மருத்துவமனைச் சமையலறையில் பகுதி நேரம். கூடுதல் நேரம் நின்றால் ஒன்றரை மடங்கு வரவில்லையே?

வாரத்துக்கு 35 மணிக்குக் குறைவாக ஒப்பந்தம் செய்தவர் பகுதி நேர ஊழியர். அவருக்கு இரண்டு படி: தன் நேரத்தைத் தாண்டி, அதே வேலை செய்யும் முழுநேரக்காரரின் நேரம் வரை சாதாரண மணிச்சம்பளம். முழுநேரக்காரரின் நேரத்தையும் தாண்டினால் ஒன்றரை மடங்கு. மணிக்கு 10 வெள்ளி, தினம் 5 மணி வேலை, முழுநேரக்காரருக்கு 8 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் 4 மணி கூடுதலாக நின்றால் முதல் 3 மணிக்கு 30, நான்காவதற்கு 15, ஆக 45 வெள்ளி.

‘சம்பளம் 1,400, ஓடி எல்லாம் உள்ளடக்கம்’ என்று ஏஜென்ட் சொன்னார். இங்கே வந்தால் தினம் 2 மணி கூடுதல் வேலை.

ஏஜென்ட் சொன்னதை விடுங்கள். புறப்படும் முன் உங்களுக்கு வந்த ஐபிஏ கடிதத்தில் பேசிக் எவ்வளவு, நிலையான அலவன்ஸ் எவ்வளவு என்று இருக்கும். அது உங்கள் தாய்மொழியிலும் தரப்பட வேண்டியது. அந்த பேசிக்தான் கணக்கின் அடிப்படை. உங்கள் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமலும் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்காமலும் அதைக் குறைக்க முடியாது.

கடிதத்தில் பேசிக் 1,144 என்று இருந்து, 1,400-இல் மீதி 256 ஓவர்டைமுக்கு என்று சொன்னால், 256 ÷ 9 = ஏறக்குறைய 28 மணி. தினம் 2 மணி, 26 நாள் என்றால் 52 மணி. வரவேண்டியது 468 வெள்ளி, குறைவது 212. முன்கூட்டி ஒரு தொகையை ஓவர்டைமுக்கு வைப்பது குற்றமல்ல. ஆனால் உண்மையில் செய்த மணி அதைத் தாண்டினால் மீதியைத் தரவேண்டும். சட்டத்தைவிடக் குறைவாகத் தரும் ஒப்பந்த விதி, நீங்கள் கையெழுத்திட்டிருந்தாலும் செல்லாது.

மாதம் எத்தனை மணி ஓவர்டைம் செய்யலாம்?

72 மணி. ஓய்வு நாளிலும் பொது விடுமுறையிலும் வழக்கமான நேரத்துக்குள் செய்த வேலை இதில் சேராது, தாண்டியது சேரும். ஒரு நாளில் எல்லாம் சேர்த்து 12 மணிதான், அவசரநிலை போன்ற சில விதிவிலக்குகள் தவிர. 72-க்கு மேல் வேண்டுமானால் கம்பெனி அமைச்சிடம் விலக்கு வாங்கவேண்டும். விலக்கு இல்லாமல் 90 மணி செய்துவிட்டீர்கள் என்றால் தவறு கம்பெனியுடையது, 90 மணிக்கும் சம்பளம் உண்டு. பே ஸ்லிப்பில் மட்டும் மாதாமாதம் சரியாக 72 என்றே வந்துகொண்டிருந்தால், மீதி மணி ‘இன்சென்டிவ்’ என்ற பெயரில் குறைந்த விலைக்கு எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பே ஸ்லிப்பைச் சரிபார்க்க ஒரு மாதக் கணக்கு காட்ட முடியுமா?

பேசிக் 1,144, ஆறு நாள் வாரம், 8 மணி நாள், ஒப்பந்தப்படி நைட்டுக்கு 10 வெள்ளி. அந்த மாதம் வார நாட்களில் 30 மணி ஓவர்டைம், கம்பெனி கேட்டு ஒரு ஞாயிறு 10 மணி, ஒரு பொது விடுமுறையில் 8 மணி, 12 நைட்.

வார நாள் ஓவர்டைம் 30 × 9 = 270. ஞாயிறுக்கு இரண்டு நாள் 88, அதோடு இரண்டு மணிக்கு 18, ஆக 106. பொது விடுமுறைக்கு 44. நைட் அலவன்ஸ் 120. பேசிக்கோடு கூட்டினால் 1,684 வெள்ளி. 72 மணி வரம்புக்குள் எண்ண வேண்டியவை 32 மணி.

பே ஸ்லிப்பில் இவை ஒரே வரியில் ‘ஓடி 540’ என்று வந்தால் திருப்பிக் கேளுங்கள். தொகை இந்தச் சம்பளத்தின் கணக்கோடு ஒத்துப்போனாலும், எழுத்து முறை சட்டப்படியானதல்ல. ஓவர்டைம் மணி எத்தனை, தொகை எவ்வளவு, ஓய்வு நாள் சம்பளம், விடுமுறைச் சம்பளம், ஒவ்வொரு அலவன்ஸ், ஒவ்வொரு பிடித்தம் எல்லாம் தனித்தனியே காட்டவேண்டும் என்பது 2016 ஏப்ரல் முதல் சட்டம். சம்பளம் மாதம் முடிந்து 7 நாளுக்குள், ஓவர்டைம் 14 நாளுக்குள் வரவேண்டும். அதனால் சில கம்பெனிகளில் ஓவர்டைம் தனியாகப் பின்னால் வரும், அந்தக் காலம் எது என்று ஸ்லிப்பில் இருக்கும். பஞ்ச் கார்டோடு ஒப்பிடும்போது அந்தத் தேதிகளைப் பார்க்காவிட்டால் இல்லாத குறை தெரியும்.

குறைவாகக் கொடுத்தது உறுதி. அடுத்து என்ன?

முதலில் தேதிவாரியாக ஒரு தாளில் எழுதுங்கள்: வந்த நேரம், போன நேரம், இடைவேளை, வரவேண்டியது, வந்தது. ரோஸ்டர், பஞ்ச் கார்டு, பே ஸ்லிப், வங்கிக் கணக்கு, ஐபிஏ, ஒப்பந்தம் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வேறு இடத்திலும் சேமியுங்கள். பஞ்ச் மெஷின் கம்பெனியிடம் இருக்கிறது, வேலை போன மறுநாள் உங்களால் அதைப் பார்க்க முடியாது. பிறகு கணக்கைச் சம்பளப் பிரிவிடம் எழுத்தில் கொடுங்கள். வகுத்தல் தவறு, ஞாயிறுக் கணக்குத் தவறு போன்றவை பல இடங்களில் இந்தக் கட்டத்திலேயே சரியாகிவிடும், மென்பொருளில் யாரோ 26 என்று போட்டு வைத்ததுதான் காரணமாக இருக்கும்.

தீரவில்லை என்றால் டாடம் எனப்படும் முத்தரப்பு அமைப்பில் மனு. அங்கே முதலில் சமரசப் பேச்சு, ஒத்துவராவிட்டால் வேலை நியமனக் கோரிக்கை நடுவர் மன்றம். கோரிக்கை வரம்பு 20,000 வெள்ளி, தொழிற்சங்கத்தின் வழியாகச் சமரசத்துக்குப் போனால் 30,000.

காலக்கெடுவில்தான் பலர் தோற்கிறார்கள். வேலையில் இருந்தால், தொகை வரவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுக் கொடுக்கவேண்டும். வேலையை விட்டுவிட்டால் கடைசி வேலை நாளிலிருந்து 6 மாதம். மூன்று ஆண்டாகக் குறைத்துக் கொடுத்திருந்தாலும் மனுக் கொடுக்கும் நாளுக்கு முந்தைய ஓராண்டுக்கானதைத்தான் கேட்க முடியும். ‘பர்மிட் புதுப்பித்த பிறகு பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும், பழைய கணக்கில் ஒரு மாதம் கழிந்துகொண்டே போகும்.